இரவுப் பாராவில் ஒரு புகார்: ராமநாதபுரக் கரையில் நடக்கும் சிறுகதையை எழுதும் முறை

இரவு நேரம், சின்னக் காவல் நிலையம், தனியாக ஒரு காவலர். பயந்துபோன ஒரு பெண் உள்ளே வருகிறாள். இந்தக் கருவை எடுக்கிற பலரும் அடுத்த வரியிலேயே வழுக்கி விடுகிறார்கள். பெண் சொல்லச் சொல்லக் காவலர் எழுதுகிறார், கையெழுத்து வாங்குகிறார், எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுகிறார். கதை அங்கேயே செத்துப் போகிறது, ஏனென்றால் அந்தக் காவலருக்கு அந்த அதிகாரமே கிடையாது. அவரால் என்ன முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால், கதைக்கு வேண்டிய முடிச்சு சட்டத்துக்குள்ளேயே கிடப்பது தெரியும். அந்த முடிச்சை வைத்து ஒரு கதையைக் கட்டுவது எப்படி என்று ஒரு மாதிரிக் கதையோடு சொல்கிறேன்.

முதல் படி: காவலருக்கு எது முடியாது என்று முடிவு செய்யுங்கள்

நிலையப் பொறுப்பு அதிகாரி வெளியே போயிருந்தால் அவர் இடத்தில் யார் இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்போது நிலையத்தில் இருப்பவர்களில் அடுத்த பதவிக்காரர் இருக்கலாம், ஆனால் அவர் காவலர் பதவிக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும். ஏட்டையா இருந்தால் போதும். இரண்டாம் நிலைக் காவலர் மட்டும் பாராவில் நின்றால், பொதுவாக நிலையத்தின் பொறுப்பு அவர் கைக்கு வராது. வந்தவரை உட்கார வைக்கலாம், சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம், மனுவை வாங்கி வைக்கலாம், வயர்லெஸ் மைக்கிலோ செல்போனிலோ மேலே தகவல் சொல்லலாம். வழக்குப் பதிய முடியாது.

இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, பெண்ணுக்கு எதிரான சில குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண் தரும் தகவலைப் பெண் காவல் அதிகாரியோ வேறு பெண் அதிகாரியோதான் பதிய வேண்டும் என்கிறது. பாலியல் வன்கொடுமை, மானபங்கம் ஆகியவற்றோடு, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பழைய சட்டத்திலும் இப்படி ஒரு விதி இருந்தது.

ஆக, உங்கள் காவலர் ஆணாக இருந்தால், அந்தப் பெண் கொண்டுவரும் புகாரை அவர் இரண்டு காரணங்களால் பதிய முடியாது. பெண் காவலராக இருந்தால் ஒரு காரணம் மட்டும் மிஞ்சும். இரண்டுமே நல்ல கதைதான். நான் ஆண் காவலரைத் தேர்ந்தெடுப்பேன். அவர் எழுதுகிற தாள் செல்லாத தாள் என்று அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மொத்தக் கதையும் அந்த ஒரு வித்தியாசத்தின் மேல் நிற்கும்.

இரண்டாம் படி: ஏன் வேறு யாரும் இல்லை?

"அன்று எல்லாரும் லீவு" என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார். இந்த மாவட்டமே ஒரு காரணத்தைத் தருகிறது. அக்டோபர் கடைசியில் பசும்பொன்னில் தேவர் ஜெயந்தியும் குருபூஜையும் நடக்கின்றன, 30-ஆம் தேதி அரசு விழா. அதை ஒட்டிய நாட்களில் மாவட்டத்துப் போலீஸ் மட்டுமல்ல, வெளி மாவட்டத்துப் போலீஸும் பந்தோபஸ்துக்குக் கமுதிப் பக்கம் போய்விடும். கரையோர நிலையங்கள் காலியாகும். கதையை 29-ஆம் தேதி இரவில் வையுங்கள். எஸ்.ஐ. பந்தோபஸ்தில். இரண்டு பெண் காவலர்களும் அங்கேதான். ஏட்டையா, பக்கத்து ஊரில் லாரி மோதிய தகவலுக்குப் போயிருக்கிறார். முருகேசன் மட்டும் துப்பாக்கியோடு பாராவில். (பெயர்கள் எல்லாம் கற்பனை.)

விழாவைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். மைக்கில் விட்டுவிட்டு வரும் பந்தோபஸ்துப் பேச்சு போதும்.

அந்தத் தேதிக்கு இன்னொரு லாபமும் உண்டு. வாடைக் காற்று இறங்கத் தொடங்கும் காலம் அது. இங்கே கடல் இரண்டு: பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடையில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே வடகடல் ஓரமாக ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொண்டால், அந்த இரவில் கீற்றும் தகரமும் கதவும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். இந்தக் காற்றுக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது, பின்னால் வரும்.

சேர்த்து ஒன்று. கடலோரம் என்பதால் கதையைக் கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். அது படகு, ரோந்து, கடத்தல் என்று கடலைப் பார்க்கிற நிலையம். நமக்கு வேண்டியது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சாதாரணச் சட்டம் ஒழுங்கு நிலையம்.

மூன்றாம் படி: அவளுடைய பயத்துக்கு ஒரு முகவரி கொடுங்கள்

"அவள் நடுங்கினாள்" என்று எழுதிப் பயம் வராது. எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறாள் என்பது தெரிய வேண்டும்.

அருள்மேரி. இரண்டு பெண் பிள்ளைகள். புருசன் மண்டபத்து விசைப்படகில் கூலிக்குப் போனவன். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகோடு பிடித்து, ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தி, யாழ்ப்பாணச் சிறையில் வைத்திருக்கிறார்கள். காவல் நீட்டிப்பு, அடுத்த வாய்தா என்று தள்ளிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட வீடுகளில் செய்தி நேராக வராது. படகு முதலாளி மூலமாகவோ சங்கத்துக்காரர் மூலமாகவோதான் வரும். வீட்டுச் செலவுக்கு முன்பணம் கொடுப்பவரும் அதே முதலாளியாக இருக்கலாம்.

முதலாளிக்கு வேண்டிய ஒருவன் ஓர் இரவு கதவைத் தட்டி, "உங்க வீட்டுக்காரரப் பத்தித் தகவல் வந்திருக்கு" என்கிறான். அவள் திறக்கிறாள். தகவல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மறுநாளும் வருகிறான், அதற்கு மறுநாளும். இனி வரவேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறாள். நிற்கவில்லை.

இப்போது அவள் பயம் இரண்டாகிறது. கதவுக்கு வெளியே நிற்பவனைப் பற்றிய பயம் ஒன்று. அவன் பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் இருப்பவனின் காரியம் கெட்டுவிடுமோ என்ற பயம் இன்னொன்று. மூன்றாவதும் உண்டு: மீனவர் ஊர்களில் எந்தப் பிரச்சினையும் முதலில் ஊர்த் தலைவரிடமும் கமிட்டியிடமும் போக வேண்டும் என்பார்கள். ஊரைக் கேட்காமல் ஸ்டேஷன் படி ஏறினால் அதுவே தனிக் குற்றம். அதனால்தான் இருட்டில், பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, ரோட்டோரமாக நடந்து வருகிறாள். இவ்வளவையும் நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும். கதையில் பாதிகூட வெளிப்படையாக வரவேண்டியதில்லை.

நான்காம் படி: கேள்விகளை அடுக்குங்கள்

கதையின் நடுப்பகுதி முழுக்கக் கேள்வியும் பதிலும்தான். இங்கே நல்ல காவலர், கெட்ட காவலர் என்று பிரிப்பது சுலபமான வழி, அலுத்துப்போன வழியும்கூட. முருகேசனைச் சாதாரண ஆளாக விடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் சில பழக்கத்தால் வருபவை, சில சட்டத்துக்கு வேண்டியவை. கேட்பவளுக்கு இரண்டும் ஒன்றாகவே வலிக்கும்.

பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்ள முயன்றால்தான் அது குற்றம். அதனால் "வரவேணாம்னு சொன்னீங்களா?" என்று கேட்டே ஆகவேண்டும். அந்தப் பதில் இல்லாமல் புகார் நிற்காது. ஆனால் அவள் காதில் அது எப்படி விழும்? "நீதான் இடம் கொடுத்தியோ" என்றுதான். மாறாக "மொத நாளு ஏன் கதவத் தெறந்தீங்க?" என்ற கேள்வி சட்டத்துக்குத் தேவையே இல்லை. அதையும் அவர் கேட்பார். இந்த இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் அவள் ஒரே மாதிரி தலையைக் குனியட்டும். எது தேவையான கேள்வி, எது வெறும் பழக்கம் என்று வாசகரே பிரித்துக்கொள்வார். பிரிவு எண்ணை யார் வாயிலும் வைக்காதீர்கள். கதைக்குள் காவலர் சட்டம் பேசத் தொடங்கினால் அது விழிப்புணர்வு நாடகமாகிவிடும்.

காற்றுக்கு இங்கேதான் வேலை.

"கதவு தட்டுன சத்தம் காத்தா இருக்கப் போகுதும்மா. வாடை எறங்கிருச்சுல்ல."

"காத்து தட்டுனா, யாருன்னு கேட்டதும் நிக்காது சார்."

ஒரு வரிப் பதில். இதற்குப் பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாளை எடுக்கிறார். அவர் அவளை நம்பினார் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

"இது எங்க லிமிட் இல்ல" என்ற வசனம் இப்படிப்பட்ட கதைகளில் தவறாமல் வரும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று இப்போது சட்டமே சொல்கிறது. அந்த வசனத்தை வைத்தால், அது தட்டிக்கழிப்பு என்று சொல்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பேச்சு தாளுக்குப் போகும் இடம்

கதையின் உயிர் இங்கேதான். அவசரப்படாமல் எழுதுங்கள்.

நிலையங்களில் மனு எழுதும் தமிழ் ஒன்று இருக்கிறது. மேற்படி, மேற்கண்ட, இந்நிலையில், தகுந்த நடவடிக்கை எடுக்கும்படி என்று தண்டவாளத்தில் ஓடும். முருகேசனின் கை அதற்குப் பழகிய கை. முதலில் அவள் பேசுவதை எழுதுங்கள்:

"அவுக போயி மாசம் ஒண்ணாச்சு சார். தகவல் இருக்குண்டு சொன்னா எப்புடித் தெறக்காம இருப்பேன்? இப்ப தெறக்குறதில்ல. அவன் திண்ணையில உக்காந்துக்குறான். சின்னவ முழிச்சா அழுவான்னு வாயில கையை வச்சுத்தான் தூங்க வைக்கிறேன்."

அடுத்து அவர் தாளில் எழுதியது:

"என் கணவர் மீன்பிடித் தொழிலுக்குச் சென்ற இடத்தில் இலங்கைக் கடற்படையினரால் கைது செய்யப்பட்டு சிறையில் உள்ளார். இந்நிலையில் மேற்படி நபர் கடந்த சில நாட்களாக இரவு நேரங்களில் என் வீட்டிற்கு வந்து கதவைத் தட்டி, என்னை அசிங்கமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து வருகிறார்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திண்ணை காணாமல் போயிற்று. பிள்ளையின் வாயில் வைத்த கை காணாமல் போயிற்று. அவள் சொல்லாத இரண்டு விஷயங்கள் உள்ளே வந்துவிட்டன. அசிங்கமாகத் திட்டியது, கொலை மிரட்டல் விட்டது என்ற இரண்டும் தமிழ்நாட்டு மனுக்களில் அடிக்கடி சேர்ந்தே வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு காத்திருக்கிறது. முருகேசன் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. புகார் வலுவாக இருக்கட்டும் என்று எழுதுகிறார். சில நேரம் உண்மையான புகார் கோர்ட்டில் உடைவதும் இந்த நல்ல எண்ணத்தால்தான். முதலில் கொடுத்த தகவலுக்கும் சாட்சிக்கூண்டில் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

இந்த மாற்றம் நடப்பதைக் கதைசொல்லி சுட்டிக்காட்டக் கூடாது. இரண்டு பத்தியையும் வைத்துவிட்டு நகருங்கள்.

ஆறாம் படி: படித்துக் காட்டும் இடத்தை உச்சமாக வையுங்கள்

வாய்மொழியாகச் சொன்ன தகவலை எழுதியதும் சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. கதை எழுதுகிறவர்கள் பொதுவாக இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அடிதடியோ துரத்தலோ இல்லாத இந்தக் கதைக்கு இதைவிட நல்ல உச்சம் கிடையாது.

முருகேசன் படிக்கிறார். அவள் கேட்டுக்கொண்டே வருகிறாள். "அசிங்கமாகத் திட்டி" என்ற இடத்தில் நிறுத்துகிறாள்.

"அவன் திட்டல சார்."

"இருக்கட்டும்மா. இப்புடித்தான் எழுதணும்."

"திட்டுனாக்கூடப் பரவாயில்ல. அக்கம்பக்கம் வந்து கேப்பாக. அவன் நல்லாத்தான் பேசுறான். சாப்புட்டீங்களான்னு கேக்குறான்."

கதையின் பயம் முழுவதும் கடைசி வரியில் வெளிவருகிறது. அதுவரை நடுக்கம், அழுகை, வியர்வை எதையும் செலவழிக்காமல் வைத்திருந்தீர்கள் என்றால்தான் இது வேலை செய்யும். முருகேசன் அந்த இரண்டு சொற்றொடரையும் அடிக்கிறார். அடித்த இடத்தில் எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "சாப்பிட்டீர்களா என்று கேட்டு" என்று எழுதினால் அது புகாரா? அவர் பேனா அந்த இடத்தில் நிற்கலாம். எழுதுகிறாரா இல்லையா என்பதை உங்கள் முருகேசன் எப்படிப்பட்டவர் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். என் கதையில் எழுதுவார், மோசமான கையெழுத்தில்.

ஏழாம் படி: பெயர்

தாளில் இன்னும் ஒரு காலி இடம். வந்து தட்டுகிறவனின் பெயரை அவள் சொல்லவில்லை. அவருக்கு ஊகம் இருக்கிறது, சின்ன ஊர், பீட் போகிறவர். "நீங்க சொல்லாட்டி எனக்கும் தெரியாதும்மா" என்கிறார். இது பரிவா, தப்பிப்பா? இரண்டுமாக இருக்க முடியும்.

எதிராளியின் பெயர் இல்லாமலும் வழக்குப் பதியலாம். எஃப்.ஐ.ஆர். படிவத்திலேயே தெரிந்தவர், சந்தேகிக்கப்படுபவர், தெரியாதவர் என்று எழுத இடம் உண்டு. தாமதத்துக்குக் காரணம் எழுதவும் ஒரு கட்டம் உண்டு. "ஏம்மா இத்தனை நாளு கழிச்சு வர்றீங்க?" என்ற கேள்வி அந்தக் கட்டத்துக்காக வருவது. அவள் "ஊருக்குத் தெரிஞ்சா..." என்று நிறுத்தினால் போதும். பெயரில்லாமல் முடியாது என்று முருகேசன் சொல்வதாக எழுதினால், அவர் தெரிந்தே பொய் சொல்கிறார் என்று ஆகும். அப்படி ஒரு காவலரை எழுதுவதாக இருந்தால் தெரிந்து எழுதுங்கள்.

எட்டாம் படி: முடிப்பது

நைட் ரவுண்ட்ஸ் ஜீப் வருகிறது. எஸ்.எஸ்.ஐ.யோடு, வேறு நிலையத்திலிருந்து கூட்டிவந்த ஒரு பெண் காவலர். இளம் வயது, பந்தோபஸ்துக் களைப்பு. அவர் புதிய தாளை எடுத்து, "முதல்லேர்ந்து சொல்லுங்கக்கா" என்கிறார். அதாவது இதுவரை நடந்தது எதுவும் கணக்கில் இல்லை. அருள்மேரி முருகேசனைப் பார்க்கிறாள்.

இங்கிருந்து மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, முருகேசன் தன் தாளை நீட்டுகிறார், பெண் காவலர் அதைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கிறார். இரண்டு, அவர் தாளை மடித்து வைத்துக்கொள்கிறார், அவள் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று, இரண்டாம் முறை சொல்லும்போது அவள் சொல்வது மாறுகிறது. எனக்குப் பிடித்தது மூன்றாவது. முருகேசனிடம் சொல்லாத பெயரைப் பெண் காவலரிடம் சொல்லிவிடுகிறாள் என்று எழுதலாம். ஆனால் அது விதி ஏன் இருக்கிறது என்பதற்கு நிரூபணம் போல ஆகிவிடும், கொஞ்சம் நேர்த்தியாக விழும். அதைவிட, முருகேசனிடம் சொன்ன திண்ணையையும் சாப்பாட்டையும் இந்த முறை விட்டுவிடுகிறாள். முன்பு அவர் படித்துக் காட்டியபோது கேட்ட தமிழிலேயே இப்போது பேசுகிறாள்: "இரவு நேரங்களில் வந்து தொந்தரவு செய்து வருகிறார்." ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். முருகேசன் குறுக்கிடுவாரா, மாட்டாரா என்பதுதான் கடைசிக் கேள்வி.

எப்படி முடித்தாலும் அவள் கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்புங்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்ற அளவில் நின்றால் தமிழ்நாட்டு வழக்கப்படி சி.எஸ்.ஆர். ரசீது. எது கொடுத்தார்கள் என்பதே அந்த நிலையம் புகாரை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லிவிடும்.

எழுதி முடித்த பிறகு

வசனத்தை மட்டும் தனியாக வாய்விட்டுப் படியுங்கள். அருள்மேரி புருசனை "அவுக" என்றும், வந்து தட்டுகிறவனை "அவன்" என்றும் சொல்ல வேண்டும். நடுவில் பயத்தில் அவனையும் ஓரிடத்தில் "அவுக" என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டால், அவன் ஊரில் எவ்வளவு பெரிய இடம் என்பது விளக்காமலே புரியும். முருகேசன் அவளை "ம்மா" போட்டு "நீங்க" என்றே கூப்பிடட்டும், எரிச்சல் வரும் ஒரே ஒரு இடத்தில் "நீ" என்று இறங்கட்டும். வட்டார வழக்கை எல்லாச் சொல்லிலும் ஏற்றினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். "அவுக", "வந்தாக", "சொன்னாகண்டு" என்று சுட்டுப்பெயரிலும் வினைமுடிவுகளிலும் வைத்தாலே ராமநாதபுரம் வந்துவிடும்.

அளவு 2,000 சொற்களுக்குள் நிற்கட்டும். கூடினால் முதலில் வெட்ட வேண்டியது கடலைப் பற்றிய வர்ணனை, அடுத்தது முருகேசனின் குடும்பக் கதை. ஐந்தாம் படியில் வரும் இரண்டு பத்திகளிலும் கை வைக்காதீர்கள்.